கையில் இருந்த உறுதி

எங்கள் பக்கத்தில் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், எழுதுவதை ‘முடிக்கிறது’ என்பார்கள். விற்கிறவர், வாங்குகிறவர், இரண்டு சாட்சிகள் என எல்லோரும் கையெழுத்து வைத்து, உறுதி எழுதும் சட்டத்தரணியான நொத்தாரிசும் கையெழுத்திட்டு முத்திரை குத்திவிட்டால், ‘காணி முடிஞ்சுது’ என்று சோடா உடைப்பார்கள். மட்டக்களப்பு நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் இருபது வருடமாக உறுதி தட்டச்சு செய்கிறேன். அந்தச் சொல்லை நானும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஒரே ஒரு தடவை சொன்னதற்காகத்தான் இன்னும் என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த அக்கா குவைத்தில் வீட்டுவேலை செய்தவர். லீவில் வந்து, வாவிக்கரையோரம் இருபது பேர்ச், அதாவது அரைக்கால் ஏக்கர், வளவு ஒன்றை வாங்கினார். மகளின் சீதன வீட்டுக்காக. உறுதி எழுதி முடித்ததும், மூல உறுதியை மூன்று நாலு கிழமைக்கு விட்டுவிட்டுப் போகும்படி நொத்தாரிசு ஐயா சொன்னார். காணிப் பதிவகத்தில் கொடுத்துப் பதிந்து எடுக்க வேண்டும்.

“ஏலாது ஐயா,” என்றார் அக்கா. “கடல் வந்தண்டு எங்கட அம்மாட உறுதி பெட்டியோட போயிட்டு. இது என்ட கையில இருக்கோணும். நாளையிண்டைக்கு பிளேன்.”

சுனாமிக்குப் பிறகு கரையோரத்துச் சனம் எல்லாருக்கும் இந்தப் பயம் உண்டு. காகிதம் கையை விட்டுப் போனால் காணியும் போய்விடும் என்று நினைப்பார்கள். ஐயா இரண்டு தடவை சொல்லிப் பார்த்து அலுத்துப் போனார். அக்கா உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றும்போது என்னிடம் கேட்டார்.

“எல்லாம் முடிஞ்சுது தானே மகள்?”

“ஓம் அக்கா, முடிஞ்சுது. வரியும் கட்டியாச்சு.”

பொய் இல்லை. முத்திரைத் தீர்வை கட்டியாகிவிட்டது. தீர்வை கட்டிய இரண்டாம் பிரதியும் அடுத்த மாதம், நாங்கள் எழுதிய உறுதிகளின் மாதப் பட்டியலோடு பதிவகத்துக்குப் போனது. ஆனால் அங்கே அது கட்டோடு கட்டாக அடுக்கப்படும், அவ்வளவுதான். காணிக்குரிய பக்கத்தில் பெயர் ஏற வேண்டுமென்றால் மூல உறுதியைப் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். மூலம் குவைத்துக்குப் பறந்துவிட்டது. பதிவகத்தின் கண்ணுக்கு அந்த வளவு இன்னும் விற்றவருடையதுதான். இதை அன்றைக்கு ஒரு நிமிடம் நின்று சொல்லியிருக்கலாம். எனக்கு மத்தியானச் சோறு பெரிதாகப் பட்டது.

அக்காவின் தம்பி அதே கிழமையில் வேலி அடைத்துக் கொட்டில் போட்டுக் குடியிருந்தார். வருடத்துக்கு ஒரு சுவராக வீடு எழும்பியது. அக்கா வேலையை விட்டு வந்து அங்கேயே இருந்துகொண்டார். மகளுக்கு மாப்பிள்ளையும் சரிவந்தது. வீட்டை மகள் பேருக்கு எழுத வேண்டும் என்று அலுவலகத்துக்கு வந்தபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை. எழுதுவதற்கு முன் பதிவகத்தில் தோம்பு, அதாவது காணியின் பதிவுப் புத்தகம், பார்ப்பது என் வேலை.

பதிவகத்தில் அந்தப் பெரிய புத்தகத்தைப் புரட்டி, வளவின் பக்கத்துக்கு வந்தேன். விற்றவரின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே அக்காவின் பெயர் இல்லை. வேறு ஒருவரின் பெயர் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன், வேறொரு நொத்தாரிசு எழுதிய விற்பனை உறுதி, ஒழுங்காகப் பதியப்பட்டிருந்தது. ஒரே வளவை அந்த மனிசன் இரண்டாம் தரமும் விற்றுவிட்டு ஊரை விட்டே போயிருந்தார். அந்தப் பெயரை விரல் வைத்து மறுபடியும் மறுபடியும் வாசித்தேன். பக்கத்தில் நின்றவர் “என்னகா, தலை சுத்துதா?” என்று கேட்டார்.

ஐயா கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு விளக்கினார்.

“அவட உறுதி செல்லாத உறுதி இல்ல, பிள்ள. வித்தவனுக்கும் அவக்கும் இடையில அது நல்ல உறுதி. தீர்வை கட்டினபடியா கோட்டிலயும் காட்டலாம். ஆனா காசு குடுத்து வாங்கி முந்திப் பதிஞ்சவனுக்கு முன்னால அது நிக்காது. இனிப் பதிஞ்சாலும் அவனுக்குப் பின்னாலதான்.”

“அந்த ஆளும் வித்தவரும் சேர்ந்து செய்த கள்ள வேலையா இருந்தா?”

“அப்பிடிக் காட்டினா அவன்ட முந்தின பதிவு விழும். ஆனா அவனுக்கு விசயம் தெரிஞ்சிருந்திச்சு எண்டது மட்டும் போதாது. சூழ்ச்சிய ஒப்புவிக்கோணும்.”

பிறகு எங்களிடம் இருந்த அக்காவின் உறுதிப் பிரதியில் திகதியைத் தட்டிக் காட்டினார். பத்து வருடம் சொந்தக்காரராக, இடைவிடாமல் ஆண்டிருந்தால் பதிவில் தோற்றவருக்கும் ஆட்சியுரிமை வரும். வாடகைக்கோ தயவிலோ இருக்கவில்லை, வாங்கியவராகவே அன்றிலிருந்து இருக்கிறார் என்பதற்கு அந்தப் பதியாத உறுதியே சாட்சி. ஆனால் யாராவது வழக்குப் போடுவதற்கு முன் பத்தும் நிறைந்திருக்க வேண்டும். ஒன்பது வருடமும் ஏழு மாதமும் ஆகியிருந்தது.

“ஐஞ்சு மாசம் சத்தம் போடாம இருக்கோணும்,” என்றார். “அவக்கு விளங்கப்படுத்து.”

நான் விளங்கப்படுத்தவில்லை. அக்கா வாய் சும்மா இராது. விற்றவரின் சொந்தக்காரர் வீட்டுக்கே போய் மண் அள்ளித் தூற்றுவார், கதை ஊரெல்லாம் போகும் என்று பயந்தேன். அதைவிட, ‘முடிஞ்சுது’ என்று சொன்ன வாயால் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. “நில அளவையில சின்னச் சிக்கல், கொஞ்சம் பொறுங்க. ஆராவது வந்து காணியப் பத்திக் கேட்டா பேசாம போன்ல எனக்குக் கோல் எடுங்க,” என்று மட்டும் சொன்னேன்.

அதன் பிறகு நிம்மதி போனது. அந்தத் தெருவால் போகும்போதெல்லாம் வேலியோரம் நில அளவைக்காரரின் புது முளை அடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். அக்கா கோல் எடுத்தாலே, யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைப்பேன். மாதா கோயில் பூசையில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிக்கிறார்கள் என்று சொல்லத்தான் எடுப்பார். காலண்டரில் நாள் வெட்டினேன். இரண்டரை மாதம் அப்படிப் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் அக்கா அலுவலகத்துக்கே வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“ரெண்டு பேர் கார்ல வந்து வாசல் கடப்படியில நிண்டு, இது தங்கட காணியாம் எண்டாங்க மகள். நான் விடுவனா? உள்ள போய் உறுதியக் கொண்டு வந்து முகத்துக்கு நேர நீட்டினன். வாசிச்சிப் பாருங்கடா எண்டன். வாசிச்சாங்க. போன்ல படமும் எடுத்தாங்க. மறுகா ஒரு கதையில்ல, பேசாமப் போயிட்டாங்க.”

“திகதியையும் படம் எடுத்தாங்களா அக்கா?”

“முழுசா எடுத்தாங்க. எடுக்கட்டுமே! பயந்திட்டாங்க.”

நான் காலண்டரை எடுத்து, பத்து வருடம் நிறைய மிச்சமிருந்த நாட்களை எண்ணினேன். அந்த ஆட்கள் பயந்து போகவில்லை, அவர்களும் இதே கணக்கைப் பார்க்கத்தான் போயிருக்கிறார்கள்.

மூன்றாம் கிழமை வழக்குப் போட்டார்கள். பத்து வருடம் நிறைய ஐம்பத்தொரு நாள் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வழக்கு முடியட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளி வைத்தார்கள். இப்போது சூழ்ச்சியை ஒப்புவிப்பது ஒன்றுதான் வழி. அதற்குச் சாட்சி தேடி ஐயாவும் சட்டத்தரணியும் அலைகிறார்கள்.

அழைப்பாணையின் பிரதியைக் கொண்டு வந்தவள் மகள்தான். படித்த பிள்ளை. ஐயாவிடம் எல்லாம் கேட்டு விளங்கிக்கொண்டு, வெளியே வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள். நான் ஏச்சு வாங்க ஆயத்தமாக இருந்தேன்.

“அம்மா அண்டைக்கு உறுதியக் காட்டாம இருந்திருந்தா, பத்து வருசமும் நிறைஞ்சிருக்குமா அக்கா?”

“நிறைஞ்சிருக்கலாம்,” என்றேன்.

பிரதியை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

“அவக்கு அத மட்டும் சொல்லிப்போடாதீங்க.”