நடுவில் அவர், இரண்டு பக்கமும் நாங்கள்

எழுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரருக்குக் கழுத்தில் இருந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போய்விட்டது. குரலுக்குப் போகிற நரம்பு அடிபட்டிருக்கிறது, உயிர் பிழைத்ததே பெரிது என்றார் டாக்டர். பெரிதுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த மனுஷன் பாட்டுக்காரர். பகலில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பிட்டர் வேலை. மிச்ச நேரமெல்லாம் மெல்லிசைக் குழு, அதில் கோரஸில் நானும் உண்டு. மதுராந்தகத்திலிருந்து கடப்பாக்கம் வரை எந்தத் திருவிழா மேடையானாலும் முதல் பாட்டு அவருடையதுதான். இப்போது அவர் பேசினால் காற்றுத்தான் வந்தது. ஒரு வார்த்தையை நீட்டினால் பாதியிலேயே அறுந்தது.

ஆபரேஷனுக்கு முன்னாலேயே அவர் ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். மதராஸில் ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் அதை மேடையில் கேட்டுவிட்டு, ஸ்டீரியோவில் நல்ல டேப்பாகக் கொடுத்தால் தட்டு போடலாம் என்று சொல்லிப் போயிருந்தார். "நான் பாடல. தம்பி பாடட்டும்" என்று என் வீட்டுக்காரர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். தம்பி என்றது எங்கள் குழுவில் இரண்டாவதாகப் பாடும் மதுராந்தகத்துப் பையனை. பேங்கில் குமாஸ்தா, கணீரென்ற குரல், தங்கமான குணம். அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அதனாலேயே அவன் மேல் எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒலிப்பதிவு செய்தவர் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த இன்ஜினியர், மதுரைக்காரர். பயிற்சிக்கு வெளிநாடு போனவர் துணிமணி வாங்காமல் ஒரு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அதில் நாலு டிராக். ஒரே டேப்பில் நாலு தனித்தனி வரிசை. ஒன்றில் பதிந்ததைக் காதில் கேட்டுக்கொண்டே அடுத்ததில் பாடலாம். குவார்ட்டர்ஸ் கிடைக்காததால் மாமல்லபுரத்தில் குடியிருந்தார். பக்கத்திலேயே சிற்பக்கூடம். உளிச் சத்தம் ஓயாது. சிற்பிகள் சாப்பிடப் போகிற நேரம்தான் எங்களுக்கு நேரம். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டு, வேர்த்து ஊற்ற நிற்போம்.

முதல் டிராக்கில் வாத்தியங்களை ஏற்கெனவே பதிந்தாகிவிட்டது. இரண்டாவது முக்கியக் குரலுக்கு. மூன்றும் நாலும் கோரஸுக்கு. ஒன்று இடது ஸ்பீக்கருக்கு, மற்றது வலதுக்கு. அதற்கு மேல் இடம் கிடையாது. எதன்மேல் மறுபடி பதிந்தாலும் பழையது அழிந்துபோகும்.

கோரஸில் மூன்று பேர். மேல் சுருதியில் எங்கள் பக்கத்துக் குப்பத்து நர்ஸ், நடுவில் தம்பி, கீழே நான். தாளம் தப்பாமல் நாங்கள் பாட வேண்டுமே என்று, இரண்டாவது டிராக்கில் என் வீட்டுக்காரர் அடையாளத்துக்குப் பாட்டைப் பாடி வைத்தார். பாடினார் என்று சொல்வதுகூட அதிகம். மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு, வார்த்தைகளை ராகத்தில் முணுமுணுத்தார். கோரஸ் முடிந்ததும் அதை அழித்துவிட்டுத் தம்பி அதே இடத்தில் பாட வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் முணுமுணுத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போய் மூலையில் உட்கார்ந்தார்.

கோரஸ் லேசில் வரவில்லை. முதலில் இன்ஜினியர் நர்ஸை இடதிலும் என்னை வலதிலும் வைத்தார். கேட்டால் இரண்டு பொம்பளைகள் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று சண்டை போடுகிற மாதிரி இருந்தது. மேல் குரல் ஒரு பக்கம், கீழ்க் குரல் ஒரு பக்கம், எதுவும் சேரவில்லை. பிறகு மூன்று பேரையும் ஒன்றாகப் பாடவைத்து, அந்த ஒரே பதிவை இரண்டு பக்கத்துக்கும் நகல் எடுத்தார். அகலமாக வரும் என்று அவர் நினைக்க, எல்லாம் நடுவில் வந்து குவிந்தது. சத்தம்தான் கூடியது.

"ரெண்டு காதுக்கும் ஒண்ணே போனா அது எப்படிப் பிரியும்? வேற வேறயா பாடித்தான் ஆகணும்" என்று இன்ஜினியரே தலையில் அடித்துக்கொண்டார். அதனால் ஒரு மைக்கைச் சுற்றி மூன்று பேரும் நின்று மூன்று சுருதியிலும் இடது பக்கத்துக்குப் பாடினோம். பிறகு அதையே முதலிலிருந்து வலது பக்கத்துக்குப் பாடினோம். ஒரே ஆட்கள், ஒரே பாட்டு, ஆனாலும் இரண்டு தடவையும் மயிரிழை வித்தியாசம் இருக்கும் அல்லவா. போட்டுக் கேட்டோம். அந்தச் சின்ன அறையின் சுவரெல்லாம் விலகிப் போனது. நர்ஸ் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "இன்னாக்கா இது, நாம மூணு பேரு தானா?" என்றாள்.

ஆனால் வார்த்தை வரும் இடத்தில் மானம் போயிற்று. பாட்டின் பல்லவி இதுதான்:

கட்டுமரம் கரை தொட்டாச்சு
பட்ட பாடு விட்டாச்சு

வரிக்கு வரி 'ட்ட', முடிவில் 'ச்சு'. மேடையில் ஒருவர் பாடினால் துள்ளும். ஆறு குரல் பாடினால் ஒவ்வொரு 'ட்ட'வும் முன்னே பின்னே விழுந்து, கொட்டாங்கச்சி மூட்டையைக் கவிழ்த்த மாதிரி ஆனது. 'ச்சு' இடதில் ஒன்று, வலதில் ஒன்று, நடுநடுவே மூச்சு வாங்குகிற சத்தம் வேறு. எழுதினவரை முறைத்தேன். அவர் மூலையிலிருந்து தோளைக் குலுக்கினார்.

அப்புறம் ஆளாளுக்கு ஒன்று சொல்லி, ஒவ்வொன்றாகத் திருத்தினோம். 'ட்ட' வருகிற இடத்தில் நாக்கை அழுத்தாமல் சும்மா தொட்டுவிட்டு, பின்னால் வரும் உயிரெழுத்தை மட்டும் திறந்து பாடுவது. வரிக் கடைசியில் 'ச்சு'வை விட்டுவிட்டு 'தொட்டா...' என்று நீட்டி ஒன்றாக நிறுத்துவது. 'ச்சு'வை முக்கியக் குரல் நடுவிலிருந்து சொல்லிக்கொள்ளும். தம்பிக்குக் கமகம் போடாமல் இருக்க முடியாது. கோரஸில் குரலை ஆட்டாதே, நேராகப் பிடி என்று அவனைப் பாடாய்ப் படுத்தினேன். 'ச்சு'வை விழுங்கச் சொல்லி நர்ஸை நான் திட்டின திட்டில் அவள் ஒரு தடவை ஹெட்போனைக் கழற்றியே வைத்துவிட்டாள். மூச்சு வாங்கும் இடங்களில் இன்ஜினியர் மைக்கின் சத்தத்தை இறக்கி ஏற்றினார். இப்படியே சில நாள் மத்தியானங்கள் போயின.

கடைசியில் இரண்டு பக்கமும் சுத்தமாக வந்தது. இனி தம்பி நடுவில் பாட வேண்டியதுதான். அழிப்பதற்கு முன்னால் ஒருமுறை எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்போம் என்று இன்ஜினியர் டேப்பை ஓட்டினார். கோரஸைக் கொஞ்சம் தாழ்த்தி இரண்டு ஓரத்துக்கும் தள்ளி, அதன் கனத்த அடி ஓசையைக் கொஞ்சம் குறைத்தார். நடுவில் என் வீட்டுக்காரரின் முணுமுணுப்பு அப்படியே இருந்தது.

அவரிடம் மிச்சம் இருந்தது காற்றும் உதடும் நாக்கும்தான். எழுத்து ஒவ்வொன்றும் அச்சுக் குத்தின மாதிரி விழுந்தது. அவரால் நீட்ட முடியாத இடத்தையெல்லாம் இரண்டு பக்கமும் நாங்கள் நீட்டிக்கொண்டிருந்தோம். அவர் 'தொட்டாச்சு' என்று சொல்லிவிட்டு மூச்சுக்கு நிற்க, அந்த 'ஆ' எங்களிடம் போய் விரிந்தது. அறுந்துபோகிற குரல் என்றே தெரியவில்லை. ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து தன் கஷ்டத்தைச் சொல்ல, ஊரே பின்னால் நின்று ஆமாம் என்பதுபோல் இருந்தது.

பாட்டு முடிந்ததும் இன்ஜினியரின் கை பழக்கத்தில், பதிவு செய்யும் சிவப்புப் பொத்தான் பக்கம் போனது. நான் எழுந்து அந்தப் பொத்தானைக் கையால் மூடிக்கொண்டேன். இது அழியக்கூடாது என்றேன்.

என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. "பிச்சை போடாத. கைய எடு" என்றார், அந்தக் காற்றுக் குரலில்.

அந்த வார்த்தை என்னை அறைந்தது. பதிலுக்கு என்னென்னமோ கத்தினேன், அழுதேன், அதெல்லாம் இங்கே வேண்டாம். கையை மட்டும் எடுக்கவில்லை. இன்ஜினியர் பாவம், எங்கள் இருவர் நடுவில் மாட்டிக்கொண்டு, "அண்ணே, நான் ஒண்ணு காட்டுறேன், கேட்டுட்டு முடிவு சொல்லுங்க" என்று என் வீட்டுக்காரர் குரலை மட்டும் இறக்கிவிட்டு டேப்பை ஓட்டினார். பெரிய, அகலமான, அழகான ஓசை வந்தது. என்ன பாடுகிறார்கள் என்று மட்டும் ஒருவருக்கும் புரியாது. பிறகு, பதிவு செய்யாமல் டேப்போடு கூட மைக்கில் பாடச் சொன்னார் தம்பியை. அவன் குரல் ஏற்கெனவே கோரஸில் இரண்டு பக்கமும் இருந்தது. நடுவிலும் அதே கணீர்க் குரல் வந்ததும் எல்லாம் கலந்து குழம்பாகிவிட்டது.

தம்பிதான் முதலில் பாட்டை நிறுத்தினான். "அண்ணாத்த, சரணம் நீட்டிப் பாடறது, அத நான் பாடறேன். பல்லவி வர்ற எடத்துல நான் வாயத் தொறக்க மாட்டேன். அது உங்களுது" என்றான். அவ்வளவு நாளும் அவன் மேல் எரிச்சல்பட்டதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கையால் சைகை காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார். எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை, டேப் சுற்றுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே சிற்பிகள் திரும்பி வந்து உளியை எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் வேண்டாம் என்று சொன்னால் என்னிடம் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். என்னைத்தான் பார்த்தார். குழுவை நடத்திய அத்தனை வருஷமும் ஒத்திகையில் யாராவது தப்புப் பண்ணினால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. ஆபரேஷனுக்குப் பிறகு நான் அதைப் பார்த்ததே இல்லை.

"வலது பக்கம், ரெண்டாவது வரி. ஒரு 'ச்சு' தனியா வந்துகினு கீது. எல்லாரும் முழுங்கறாங்க, நீ முழுங்கல" என்றார். "நாளைக்கு வலது பக்கம் திரும்பப் பாடுங்க. பல்லவில என்னுத ஒண்ணும் தொடாதீங்க."

நர்ஸ் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளை அத்தனை திட்டுத் திட்டியவள் நான்தானே. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது, அது என் குரலே இல்லை என்று சாதித்தேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. மாமல்லபுரத்திலிருந்து பஸ் ஏறி வீடு வந்து சேரும் வரைக்கும், அந்த உடைந்த குரலில் அவர் என்னோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தார்.