மஞ்சள் துணியில் நூற்றிருபது வெள்ளி

எனக்கு மூன்றாம் வகுப்பு வரைதான் படிப்பு. கூட்டல் கழித்தல் தெரியும். அது தெரிந்தும் இப்படி நடந்தது என்பதால்தான் இதை எழுதத் தோன்றியது. யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. பேசக் கூச்சப்படுகிறவளுக்கு எழுதுவது கொஞ்சம் சுலபம்.

ஜப்பான்காரன் இங்கே பிடித்து ஆண்ட காலத்தில் இரண்டாவது வருஷம். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஸ்டேஷனில் சரக்கு ஏற்றும் வேலை, மாதம் அறுபது வெள்ளி. எல்லாம் ஜப்பான்காரன் அச்சடித்த, வாழைமரப் படம் போட்ட தாள் நோட்டு. எங்களுக்கு ஒரே பெண், ஐந்து வயது. காது குத்தித் தங்கத்தில் தோடு போட வேண்டுமென்று அரிசிக் காசில் பிடித்துப் பிடித்து நூற்றிருபது வெள்ளி சேர்த்திருந்தேன். அதை மஞ்சள் துணியில் முடிந்து துணிப்பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். அரிசிக்கு ஒரு டப்பா, விறகுக்கு ஒரு டப்பா, வீட்டுக்காரர் சட்டைப்பை ஒன்று. எந்தக் காசும் இன்னொன்றின் பக்கம் போகாது. அப்படி வைத்திருந்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

பாசார் சந்தையில் மரவள்ளிக்கிழங்கு ஐம்பது காசு கூடுதலாகச் சொன்னால், அடுத்த கம்பத்துக் கிராமத்துக்கு நடந்துபோய் வாங்கி வருவேன்.

"அரை வெள்ளிக்கு அரைக் கட்டை தூரம் நடக்கிற ஆளு," என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். "உன் செருப்புத் தேயறத யாரு கணக்குப் பாக்கிறது?"

"நான் எங்க செருப்புப் போட்டேன்?" என்பேன்.

அவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. கிள்ளானில் ஒரு பாய் துணிக்கடை வைத்திருந்தார். அவர் கட்டுக் கட்டாகத் துணிச் சரக்கு எடுக்க ஆளாளுக்குப் பங்கு போடுவார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து இவர் ஒரு பங்கு போட்டிருந்தார். அந்தச் சரக்கு நல்ல விலைக்குப் போனது. போட்ட காசை மறுபடி பங்காக விட்டுவிட்டு, லாபம் நூற்றிருபது வெள்ளியைப் பாய் இவர் கையில் கொடுத்தார். அடுத்த லோரி வடக்கேயிருந்து வருகிறது, பாதி லோரிகளை ஜப்பான்காரர்கள் வழியில் தடுத்துப் பிடித்துவிடுகிறார்கள், வந்தால் மூன்று மடங்கு என்றார் பாய். இவர் யோசிக்கவேயில்லை, நூற்றிருபதையும் போட்டுவிட்டார்.

"சம்பளக் காசா இருந்தா பத்து வெள்ளி போட்டிருப்பீங்களா?" என்று கேட்டேன்.

"பைத்தியமா? சம்பளம் வேர்வ சிந்துன காசு. இது வந்த காசு. போனா போவுது."

லோரி வரவில்லை. இவர் வருத்தப்படவும் இல்லை. இரண்டு மாதச் சம்பளம் அது. சம்பளத்தில் ஐந்து வெள்ளி தொலைந்திருந்தால் ஒரு வாரம் சோறு இறங்கியிருக்காது.

அதற்கு அடுத்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. குளிர் எடுத்து நடுங்கும், பிறகு நெருப்பாகச் சுடும். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி டிரெஸரிடம் தூக்கிக்கொண்டு போனோம். மலேரியா என்றார்.

"கொயினா மாத்திர இங்க சுத்தமா இல்லம்மா. வெளிய எங்கயாச்சும் கெடைச்சா இன்னைக்கே குடுங்க. நாள் கடத்தாதீங்க, தலைக்கு ஏறிடும்."

ரோட்டோரம் ஒரு மருந்துக்கடையில் ஒளித்து வைத்து விற்றார்கள். ஒரு மாத்திரை ஆறு வெள்ளி, இருபது மாத்திரை உள்ள புட்டியாகத்தான் கொடுப்பேன், பிரிக்கமாட்டேன் என்றான் கடைக்காரன். நூற்றிருபது வெள்ளி.

அரிசி டப்பாவில் ஒன்பது வெள்ளி இருந்தது. இவர் சட்டைப்பையில் நான்கு.

வீட்டுக்கு வந்ததும் இவர் துணிப்பெட்டியைப் பார்த்தார். "ஏம்மா, அந்த முடிச்ச அவுப்பமா?"

"அது பிள்ளையோட தோடுங்க," என்றேன். "அதுல கை வச்சா திரும்ப சேராது. ஒங்க பாய்கிட்ட கேட்டுப் பாருங்க."

காலை ரயிலில் பாயிடம் போகிறேன் என்றார். அந்தக் காசு பிள்ளையுடையது என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். பிள்ளைக்குத்தான் மருந்து என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் கிள்ளானுக்குப் போனார். அன்று வரவில்லை. பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி போட்டபடி இருந்தேன். "அம்மா, தோடு செவப்புக் கல்லா?" என்று ஒரு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு பிதற்ற ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "எங்க ஒங்க வூட்டுக்காரரு?" என்றாள். காசு பார்க்கப் போயிருக்கிறார் என்றேன். கையில் ஒன்றுமே இல்லையா என்று அவள் கேட்டாள். இல்லை என்றேன். பொய் சொல்கிறேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அந்த முடிச்சு கையில் இருக்கிற காசாக எனக்குத் தோன்றவே இல்லை.

புதன்கிழமை மத்தியானம் இவர் புட்டியோடு ஓடி வந்தார். பாயிடம் நூற்றிருபது வெள்ளி கடன், மாதம் பன்னிரண்டு வெள்ளி வட்டி. மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து வாயில் வைத்தேன். விழுங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மூச்சு நின்றுவிட்டது.

அடக்கம் செய்ய நாற்பது வெள்ளி வேண்டும் என்றார்கள். நான் எழுந்துபோய் பெட்டியைத் திறந்து முடிச்சை அவிழ்த்துப் பத்து வெள்ளித் தாள் நான்கை எடுத்துக் கொடுத்தேன். அவள் காசு அவளுக்குத்தானே என்று இருந்தது. மீதி எண்பதை மறுபடி முடிந்து வைத்தேன். வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது.

பதினாறாம் நாள் கழிந்து பாய் துக்கம் கேட்க வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னோம்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும்," என்றார். "செவ்வா அன்னைக்கு கல்லாவுல நானூறு வெள்ளி இருந்துச்சி. அது சரக்கு எடுக்கிற காசு. மொதல் பணத்துல கை வைக்கிறது இல்லன்னு ஒரு பழக்கம். நாளைக்கு பாக்கி வசூலாவும், அதுல தர்றேன்னு இவர ஒக்கார வச்சேன். ராவு முழுக்க கடை வாசல்ல கெடந்தாரு."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அதை அவர் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. என் முடிச்சைப் பற்றி நான் பாயிடம் என்ன சொல்வது? மஞ்சள் துணியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல நூத்தி இருவது இருந்துச்சிண்ணே. திங்கக்கெழமையே இருந்துச்சி."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். மூன்று பேரும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வட்டி வேணாம்," என்றார் கடைசியில்.

"கடன்ல எண்பது அடைச்சிடறோம்," என்றேன். என் வீட்டுக்காரர், அது பிள்ளையுடையது, சம்பளத்தில் மெல்ல மெல்லக் கட்டிவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார். "எல்லாம் ஒரே தாள்தாங்க," என்றேன். அவரை மீறி நான் ஒன்று சொன்னது அதுதான் முதல் தடவை.

பாய் எட்டுத் தாளையும் எண்ணி வாங்கினார். இடுப்பில் கடைக் காசு வைக்கிற பணப்பை இருந்தது. அதில் போடவில்லை. சட்டையின் உள்பைக்குள் தனியாக வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனார்.