ஏழாவது ஸ்லைடு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடமாக வேலை பார்ப்பவளுக்கு வீட்டில் 'ஊசி' என்று பெயர். பேச்சும் அப்படித்தான். நறுக்கென்று குத்திவிட்டு நிறுத்திவிடுவாள்.

அப்பா இறந்து இரண்டு மாதம் கழித்து, அவர் சட்டைப் பையில் ஒரு ரிப்போர்ட் கிடைத்தது. வேறு எங்கோ எடுத்தது. ஹீமோகுளோபின் 8, குறைவு என்று பக்கத்தில் நட்சத்திரக் குறி. நாலு மாதம் யாரிடமும் மூச்சு விடாமல் மடித்து வைத்திருந்திருக்கிறார். குடலில் ரத்தம் கசிவது தெரிய வந்தபோது காரியம் கைமீறியிருந்தது.

அவள் அழவில்லை. ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று கூடத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு ஏழு ஸ்லைடு செய்தாள். முதலாவது தலைப்பு. பிறகு ஹீமோகுளோபின், வெள்ளையணுவும் தட்டணுவும், சர்க்கரை, கிரியாட்டினின். ஆறாவதில், அளவுகள் கூடத்துக்குக் கூடம் கொஞ்சம் மாறும் என்ற குறிப்பு. ஏழாவதில், டாக்டரைப் பாருங்கள். இயல்பான அளவுக்குப் பச்சை, கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு.

இரண்டு வாரத்தில் மாமா கூடத்துக்கே வந்துவிட்டார். அம்மாவின் தம்பி, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"ஊசி, சர்க்கரை என்னை விட்டு ஓடிப்போச்சு. போன ரிப்போர்ட்டுல வெறும் வயித்துல தொண்ணூத்தாறு. உன் படத்துல பச்சை."

"மாத்திரை?"

"பச்சைக்கு எதுக்கு மாத்திரை? நிறுத்திப் பத்து நாளாச்சு."

"மாத்திரை போட்டதாலதான் மாமா அது தொண்ணூத்தாறு."

"அதை நீ எழுதலையே."

எழுதவில்லைதான்.

"கடைசி ஸ்லைடு பாத்தீங்களா?"

"நாலாவதுலயே என் நம்பர் வந்துருச்சு. ஸ்டாப்பிங் வந்தப்புறம் பஸ்ல எவன் உக்காந்திருப்பான்?"

காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். விரலைக் குத்திப் பார்த்தாள். 231.

மாமா சிரிப்பை நிறுத்தினார். "இன்னிக்கே திரும்பப் போட்டுக்கட்டுமா?"

"அதை நான் சொல்லக் கூடாது. வாங்க."

மாடியில் டாக்டர் அறைக்கு வெளியே பதினோராவது டோக்கன் வாங்கி உட்கார்ந்தார்கள். அவள் போனை எடுத்துப் பழைய பதிவை நீக்கினாள். சர்க்கரை ஸ்லைடில் பச்சையை அழித்தாள். 'மாத்திரை எடுப்பவருக்கு அளவு சரியாக இருந்தால், மாத்திரை வேலை செய்கிறது என்று பொருளாகலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.' டாக்டர் வரியை முதல் ஸ்லைடுக்கு ஏற்றினாள். ஒவ்வொன்றின் அடியிலும் அதையே போட்டாள்.

புதியதை அனுப்பியதும் கூடத்து முதலாளி போனில் வந்தார். "நல்லா ஓடிட்டிருந்த பதிவைத் தூக்கிட்டியே. எடுத்த எடுப்புலயே டாக்டரைப் பாருன்னா, அடுத்ததை யாரும்மா தள்ளிப் பாப்பாங்க?"

"தள்ள வேண்டாம் சார். டாக்டரைப் பாத்தா போதும்."

பக்கத்தில் மாமா எட்டிப் பார்த்தார். "எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கு. கண்ணாடி இல்லாம தெரியல."

பெரிதாக்கினாள்.