பெயிண்டுக்கு மேல் முடுக்கிய போல்ட்

கோட்டுச்சேரி சாலையில் வண்டி எலெக்ட்ரிக் வேலைக்கு ஒரு கொட்டகை போட்டிருந்தேன். தனி ஆள். நாள் முழுக்க நான் பேசுவது பத்து வார்த்தைக்கு மேல் இருக்காது. காரைக்கால்மேட்டிலிருந்து மீன் ஏற்றும் வேன் ஓட்டிய ஒரு பாய் மட்டும் வேலை இல்லாவிட்டாலும் வந்து உட்காருவார். அவர் பேசுவார், நான் கேட்பேன்.

ஒருநாள் வேலையோடு வந்தார். வண்டி நின்றால் ஹெட்லைட் மங்குகிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் பிரகாசமாகிறது என்றார். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டர் கரண்டைக் குறைவாகத்தான் கொடுக்கும். அதுதான் கோளாறு என்று நினைத்து பிரஷ் மாற்றினேன், பெல்ட்டை இறுக்கினேன். மங்கல் போகவில்லை. அடுத்த வாரமும் வந்தார்.

"யாரு கண்ணு வச்சாங்களோ, என் லைட்டு கண்ணடிக்குதுண்ணே," என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "முதலாளி நான் வண்டியைக் கெடுக்கிறேங்கிறார். வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாவலேன்னா சாவி வேற ஆளுக்கு," என்றார்.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியதால் எர்த்தை, அதாவது கரண்ட் பாட்டரிக்குத் திரும்பும் வழியை, நான் சந்தேகிக்கவே இல்லை. பாட்டரியின் நெகட்டிவ் கேபிள் நேரே இன்ஜினுக்குப் போகிறது, ஸ்டார்ட்டருக்கு அது போதும். விளக்குகளுக்கோ பாடிதான் எர்த். அன்று லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பாட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை விளக்குக்குப் பக்கத்தில் பாடியிலும் வைத்தேன். முள் ஒன்றரை வோல்ட்டைத் தாண்டியது. ஏறக்குறைய சுழியமாக இருக்க வேண்டியது. ஒரு தனிக் கம்பியால் இரண்டையும் இணைத்ததும் இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன.

இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைக் கழற்றினேன். அடியில் வழவழவென்று பெயிண்ட்; அது கரண்டைக் கடத்தாது. உப்புக் காற்றுக்குப் பயந்து இங்கே எல்லா வண்டிக்கும் போல்ட் துளை வரை பெயிண்ட் பூசிவிடுவார்கள். இரண்டு மாதத்துக்கு முன் அந்த வேன் பெயிண்ட் அடித்து வந்தபோது, சுரண்டாமல் அதன் மேலேயே பட்டையை முடுக்கியவன் நான்தான்.

இரும்பு தெரியும்வரை சுரண்டி, முடுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் வண்டி சரியாகியிருக்கும், பழி அவர் மேலேயே இருந்திருக்கும்.

முதலாளிமார் வீட்டுப் படி ஏறிப் பழக்கமில்லாதவன் நான். வியாழன் மாலை போனேன். வாசலில் நின்றபடியே, "தப்பு என்னோடதுங்க, பாய் மேல ஒண்ணுமில்ல," என்றேன். முதலாளி என்னைப் பார்த்துவிட்டு, "சரி, இனிமே வண்டி ஒங்கிட்ட வராது," என்றார்.

சாவி பாயிடமே இருந்தது. முதலாளி வேறு கடையைக் காட்டிவிட்டதால் என் கொட்டகைப் பக்கம் வண்டியை நிறுத்த பாய்க்குப் பயம். அந்தி நேரத்தில் வேன் எதிரே போகும். முன்னால் பஸ் நின்றால் அதுவும் நிற்கும், விளக்கு லேசாக இறங்கும். அந்த அளவு இறங்குவது எந்த வண்டிக்கும் உண்டு. பிறகு இன்ஜின் வேகமெடுக்கும், வெளிச்சம் என் கொட்டகைக்குள் ஒரு முறை வந்துவிட்டுப் போகும். பெஞ்சில் அவர் உட்காரும் ஓரத்தில் நான் சாமான் எதையும் வைப்பதில்லை.