இருபத்தெட்டாவது நாற்காலி

லொரெட்டா காஸ்ட்னரைப் பற்றி யார் கேட்டாலும் நான் அந்த மார்ச் மாதக் காலையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். விச்சிட்டா நகரில் வீட்டுக் காப்பீடு விற்கும் ஒரு நிறுவனத்தில் அன்று முப்பத்தொரு பேர் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். மூன்றாவது மாடியில் மேஜைகளை லாட வடிவில் போட்டு, ஆளுக்கொரு பெயரட்டை வைத்திருந்தார்கள். எனக்கு இருபத்தேழாவது நாற்காலி. பக்கத்தில் இருபத்தெட்டாவதில் லொரெட்டா. ஐம்பத்து மூன்று வயது, வெயிலில் காய்ந்த கழுத்து, லேசாக விந்தி விந்தி நடை.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோதே எங்களுக்குள் பேச்சு தொடங்கிவிட்டது. பத்தொன்பது வருஷம் கூரை போடும் வேலை பார்த்தவர் அவர். வெள்ளிக்கிழமை மதியமே குடித்துவிட்டு வரும் ஆண்களை வைத்துக்கொண்டு ஒரு கோஷ்டியையே நடத்தியிருக்கிறார். நான்கு வருஷத்துக்கு முன் கீழே விழுந்து ஒரு முழங்காலை மாற்ற வேண்டியதாயிற்று. அதன் பிறகு யாரும் அவரைக் கூரையில் ஏற்றவில்லை.

"இங்க என்னை போன் எடுக்கத்தான் சேர்த்திருக்காங்க," என்றார். "ஆனா வெளிய போய் சேதம் பார்க்குற டீம்ல இன்னும் ஒரு இடம் காலி. நீமையர்னு ஒருத்தர்தான் அதுக்குத் தலை. எல்லாரும் தங்களைப் பத்தி சொல்றப்போ பின்னாடி உட்காந்து கேட்பாராம். கேட்டு முடிச்சதும் கிளம்பிடுவாராம். அவர் காதுல என் பேச்சு விழுந்தாப் போதும்."

"போன் வேலைக்கு என்ன குறைச்சல்?" என்றேன்.

"உனக்கு ஒண்ணும் இல்ல. நான் நாலு சுவத்துக்குள்ள உட்காந்தா செத்துடுவேன்."

கெய்லின் என்ற இருபத்தாறு வயதுப் பெண்தான் அறிமுகத்தை நடத்தினாள். பெயர், எந்தப் பிரிவு, உங்களைப் பற்றி ஒரு சுவையான விஷயம், ஆளுக்கு ஒரு நிமிஷம் என்றாள். ஒரு நிமிஷமாம்! முதல் ஆளே நான்கு நிமிஷம் எடுத்தான். மக்களோடு பழகுவது அவனுக்கு உயிராம். இரண்டாமவளுக்கும் அதுவே உயிர். மூன்றாவது ஆள், "அவங்க சொன்ன மாதிரியே நானும்" என்று தொடங்கி, தன் கல்லூரி, காதலி, காபி எல்லாவற்றையும் அளந்தான். கெய்லின் ஒவ்வொருவருக்கும் "அருமை!" சொன்னாள். ஒருவரையும் நிறுத்தவில்லை. நீமையர் பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்து தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லொரெட்டா ஒரு சின்ன அட்டையில் நான்கு வரி எழுதி வைத்திருந்தார். மக்களோடு பேசப் பிடிக்கும் என்பது முதல் வரி. அதை ஐந்தாவது ஆளுக்குள்ளேயே அடித்துவிட்டார். கற்றுக்கொள்ள ஆவல் என்பது ஒன்பதாவது ஆளோடு போயிற்று. மூன்று கால் நாய் வளர்க்கிறேன் என்பது மூன்றாவது வரி. அதை யாரும் தொட முடியாது என்று நம்பியிருந்தார். பதினெட்டாவது நாற்காலியில் ஒரு தாடிக்காரன் எழுந்து, தன் மூன்று கால் நாயின் படத்தை போனில் காட்டினான். அறையே உருகியது. லொரெட்டா என் பக்கம் திரும்பி, "திருட்டுப் பய" என்று முணுமுணுத்தார். கடைசி வரியான பேரப்பிள்ளைகளையும் இருபத்து மூன்றாவது நாற்காலி எடுத்துக்கொண்டது.

என் முறை வந்தது. பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்ததை இரண்டரை நிமிஷம் இழுத்தேன். எனக்கே கொட்டாவி வந்தது.

அப்போது கெய்லின் கடிகாரத்தைப் பார்த்து முகம் வெளிறினாள். பத்தரைக்குப் பாதுகாப்பு அதிகாரி பேச வர வேண்டும்.

"நேரம் ரொம்ப ஓடிப்போச்சு. சாரி மக்களே! மிச்சம் இருக்குற நாலு பேரும் பேரை மட்டும் சொல்லிடுங்க. மத்ததை மதியச் சாப்பாட்டுல பேசிக்கலாம்."

நீமையர் எழுந்து கோட்டை எடுத்தார். இருபத்தேழு பேர் வாய் ஓயாமல் பேசி அந்த நேரத்தைத் தின்றோம், நானும் சேர்ந்துதான். அதற்கு இந்த நான்கு பேர் ஏன் வாயை மூட வேண்டும்? வரிசையில் கடைசியில் உட்கார வைத்ததும் அவர்களா கேட்டு வாங்கிக்கொண்டது?

லொரெட்டா அந்தச் சின்ன அட்டையைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பேர் மட்டும் போதும், லொரெட்டா," என்றாள் கெய்லின், பெயரட்டையைப் படித்து.

"பேர் அட்டையிலயே இருக்கு. அதைப் படிக்க நான் எழுந்து நிக்கணுமா? எனக்குன்னு ஒரு நிமிஷம் சொன்னீங்க. அதுல பத்து செகண்ட் போதும்."

லொரெட்டா குரலை உயர்த்தவே இல்லை.

"லொரெட்டா காஸ்ட்னர். போன் பிரிவு. பத்தொன்பது வருஷம் கூரை மேல நின்னவ. ஒரு கூரையில இருக்குற குழி ஆலங்கட்டி விழுந்து வந்ததா, இன்ஷூரன்ஸ் காசுக்காக ஒருத்தன் சுத்தியலால அடிச்சதான்னு பார்த்தாலே சொல்லிடுவேன். அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். "நன்றி" இல்லை, "மகிழ்ச்சி" இல்லை, "அவங்க சொன்ன மாதிரியே நானும்" இல்லை. கதவருகே போயிருந்த நீமையர் திரும்பினார்.

"எப்படிச் சொல்லுவீங்க?" என்று அங்கிருந்தே கேட்டார்.

இரண்டு மணி நேரமாக அவர் காதுக்காகக் காத்திருந்தவர் லொரெட்டா. இப்போது அந்தக் காது தானாகவே வந்து நிற்கிறது. நானாக இருந்தால் மேஜை மேல் ஏறி நின்று பாடம் எடுத்திருப்பேன்.

"அப்புறம் சொல்றேன்," என்றார் லொரெட்டா. "இப்போ இந்தப் பொண்ணோட முறை."

இருபத்தொன்பதாவது நாற்காலியில் ஹுவென் என்ற சின்னப் பெண். பெயரை மட்டும் சொல்லித் தப்பிக்கப் பாதி எழுந்திருந்தவள், எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு நிமிர்ந்தாள். "ஹுவென். கணக்குப் பிரிவு. எங்கம்மா பாலிசியில நீங்க பண்ணின தப்பைக் கண்டுபிடிச்சு நாலு கடிதம் போட்டது நான்தான்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த இருவரும் பெயரோடு நிறுத்தவில்லை. நால்வருக்கும் சேர்த்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நீமையர் கோட்டைக் கையில் வைத்தபடி கடைசி ஆள்வரை நின்று கேட்டார்.

சாப்பாட்டு அறையில் லொரெட்டா மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் வைத்துச் சுட்ட பன்னை அப்போதுதான் கடித்திருந்தார். நீமையர் நேரே எங்கள் மேஜைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"இப்போ சொல்லுங்க."

"மனுஷன் அடிச்சா எல்லாக் குழியும் ஒரே அளவு, ஒரே இடைவெளி, கைக்கு வசதியான இடத்துல. ஆலங்கட்டிக்கு வரிசை தெரியாது. அதோட, ஓடு பூரா குழி விழுந்திருக்கு, பக்கத்துல இருக்குற தகரக் குழாய்ல ஒரு நெளிசல்கூட இல்லைன்னா, அது வானத்துலேருந்து வந்ததில்ல."

நீமையர் மெல்லத் தலையாட்டினார். பிறகு அவர் கண் மேஜைக்கு அடியில் லொரெட்டா நீட்டியிருந்த காலுக்குப் போயிற்று.

"வெளி வேலைக்கு ஏணி ஏறணும். எல்லாருக்கும் ஏணிச் சோதனை உண்டு. உங்களுக்கு மட்டும் முதல்ல ஆறு வாரம் ஆபீஸ்லயே வச்சுப் பார்த்துட்டு..."

"எல்லாருக்கும் உள்ள சோதனையை வைங்க. எனக்குன்னு தனியா ஒண்ணு வேண்டாம்."

ஒத்துக்கொள்ளட்டும் என்று நான் மேஜைக்கடியில் லொரெட்டாவின் காலை மிதித்தேன். மிதித்தது மாற்று முழங்கால் உள்ள கால். அவர் என்னை முறைத்துவிட்டுப் பன்னை அடுத்த கடி கடித்தார். நீமையர் காத்திருந்தார். லொரெட்டா அவசரமே படாமல் மென்று முடித்தார்.

"சரி," என்றார் நீமையர் கடைசியில். "எல்லாருக்கும் உள்ளதுதான். திங்கக்கிழமை எட்டு மணிக்கு, பின்பக்கக் கிடங்குல. ஏணி ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்றேன்."

"வேண்டாம்," என்றார் லொரெட்டா. "என் ஏணியை நானே கொண்டு வர்றேன்."