மேரியக்காவும் ஜமீனின் இடது பின்னங்காலும்

மந்தைவெளியில் நாய் வளர்த்துக்கொண்டு ஆரோக்கியமேரியைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் நாயை அடுத்த வீட்டுக்காரர்தான் வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். நாற்பத்தொரு வயது, ஒரு பழைய ஸ்கூட்டி, தோளில் ஒரு பை. பைக்குள் ஷாம்பு, நாலு துண்டு, இரண்டு நகவெட்டி. வீடு வீடாகப் போய் நாய்களைக் குளிப்பாட்டி நகம் வெட்டிவிடுவது அவள் தொழில். அதற்கு முன் அடையாற்றில் ஓர் அழகு நிலையத்தில் மனிதர்களுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஏன் மாறினாய் என்று கேட்டால், "நாய் கடிச்சா கடியோட போவும். மனுசங்க கடிக்காம ஒரு மணி நேரம் கொறை சொல்வாங்கோ" என்பாள்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. நாயின் முன்னால் செய்தித்தாளை விரித்து, வெட்டிய நகங்களை அந்தந்தக் காலின் வரிசைப்படி அடுக்கி, கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுவாள். பார்க்கிறவர்களுக்கு அருவருப்பாக இருக்கும். அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. ஒரு காலின் நகம் மட்டும் முன்பக்கம் தேய்ந்திருந்தால், நாய் அந்தக் காலை ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டு நடக்கிறது என்று அர்த்தம். வீட்டில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இப்படி அவள் கண்டுபிடித்துக் கொடுத்த கால்கள் அந்தத் தெருக்களில் நாலைந்து உண்டு.

தி.நகரில் சேலைக்கடை வைத்திருக்கும் பாலகணேஷ் வீட்டு லாப்ரடாரின் பெயர் ஜமீன். ஐந்து வயது, முப்பத்தாறு கிலோ. சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர். குளிக்க ஆசையாக வரும். நகவெட்டியின் 'டக்' சத்தம் கேட்டால் மட்டும் நாலு காலையும் வயிற்றுக்கு அடியில் சுருட்டிக்கொண்டு, கடன்காரனைப் பார்ப்பதுபோல் மேரியைப் பார்க்கும்.

ஒரு சனிக்கிழமை காலை ஜமீனைக் குளிப்பாட்டி, வழுக்கும் குளியலறையிலிருந்து இரண்டு கைகளாலும் தூக்கி வெளியே விட்டு, பெரும்பாடு பட்டு நகம் வெட்டி, படம் அனுப்பிவிட்டு மேரி கிளம்பினாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த வீட்டுப் பெண் லாவண்யாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"மேரியக்கா, மொட்டை மாடியில பந்து போட்டுட்டிருந்தேன். எகிறிப் பிடிச்சான், ஒரு தடவை கத்தினான், கீழ வந்தப்போ இடது பின்னங்கால் அப்படியே தொங்குது. இழுத்துக்கிட்டே வர்றான்."

அவள் முடிப்பதற்குள் அப்பா கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

"காலைல நீ அவனத் தூக்குனேல்லா? டிஸ்க்க நகட்டிவிட்டுட்ட மேரி. எங்களுக்குத் தெரியாததா இது?"

அவருக்குத் தெரியும்தான். வம்பே அதில்தான் இருந்தது. ஜமீனுக்கு முன்னால் அந்த வீட்டில் நீள முதுகும் குட்டைக் காலுமாக ஒரு டாக்ஸண்ட் இருந்தது. அதற்கு முதுகுத் தட்டு பிதுங்கி, தொட்டால் அலறி, முதல்நாள் தள்ளாடி, மறுநாள் பின்னங்கால் இரண்டும் விழுந்து, அறுவை சிகிச்சையும் ஆறு வாரக் கூண்டுமாகப் பிழைத்தது. அந்த ஆறு வாரத்தில் பாலகணேஷ் பாதி வைத்தியராகிவிட்டார். முழு வைத்தியரோடு பேசலாம், தெரியாதவரோடும் பேசலாம். பாதி வைத்தியரோடு யார் பேசுவது?

மேரி உடனே கிளினிக்குக்குக் கிளம்பினாள். மந்தைவெளியில் ஒரு வீட்டில் சொன்னது பொழுது சாய்வதற்குள் மயிலாப்பூரில் கேட்கும். நாயின் முதுகை ஒடித்தவள் என்று பெயர் வந்தால் பிறகு எந்த வீட்டுக் கதவு திறக்கும்? ஆனால் ஸ்கூட்டியை மிதிக்கும்போது அவள் நினைத்துக்கொண்டிருந்தது அதை மட்டுமல்ல. நிஜமாகவே நம்ம கைதான் செய்துவிட்டதோ என்ற பயம் அவளை அரித்தது.

கால்நடை மருத்துவர் நீரஜாவின் கிளினிக்கில் ஜமீன் தரையில் படுத்திருந்தது. மேரியைக் கண்டதும் வால் ஆடியது. பாலகணேஷின் மனைவி சரோஜாதேவி அம்மாள் அதன் தலைமாட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாலகணேஷ் மேரியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

டாக்டர் ஜமீனின் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக அழுத்திக்கொண்டே வந்தார். ஜமீன் கொட்டாவி விட்டது.

"எங்க பழைய நாய் இதுக்குள்ள ஊரையே கூட்டியிருக்கும்" என்றாள் சரோஜாதேவி.

மேரி மெல்லக் குனிந்து வயிற்றின் அடியில் கை வைத்துப் பார்த்தாள். முதுகு வலிக்கிற நாய்க்கு வயிறு தவில் மாதிரி இறுகியிருக்கும். தினமும் நாய்களைத் தூக்குகிறவளுக்கு அது தெரியாதா? ஜமீனின் வயிறு எப்போதும்போல இட்லி மாவாகத்தான் இருந்தது. அவள் மூச்சு கொஞ்சம் சீரானது.

டாக்டர் ஜமீனைத் தாங்கி நிற்கவைத்து, பின்னங்கால் பாதத்தை மடக்கி, நகம் தரையில் படும்படி வைத்தார். வலது பாதத்தை ஜமீன் உடனே நிமிர்த்திக்கொண்டது. இடது பாதம் மடங்கியபடியே கிடந்தது. பிறகு இடது கால்விரலை இடுக்கியால் அழுத்தினார். கால் லேசாக இழுத்துக்கொண்டது.

"இழுக்குது" என்றார் பாலகணேஷ் ஆவலாக.

"அது கணக்கில இல்ல சார். கிள்ளினா இழுக்கறத தண்டுவடமே செஞ்சிடும், மூளைக்குத் தெரியணும்னு இல்ல." அவர் இன்னும் அழுத்தினார். ஜமீன் தலையைத் திருப்பி, இது என்ன மரியாதை என்பதுபோல் டாக்டரைப் பார்த்தது. "இப்பப் பார்த்தான் இல்லையா, இதுதான் நல்ல சேதி. உணர்ச்சி மேல போகுது."

பிறகு கேட்டார்: "இதுக்கு முன்னாடி இந்தக் காலை இழுத்தானா? கொஞ்ச நாளா?"

மேரி கைப்பேசியை எடுத்து நீட்டினாள். அன்று காலைப் படம், அதற்கு முன் நாலு மாதப் படங்கள். செய்தித்தாளின் மேல் வரிசை வரிசையாக நகங்கள்.

"நாலு காலும் ஒரே மாரி கீது டாக்டரம்மா. ஒண்ணுகூட தேயல. காலைல என்னைப் பார்த்து மூணு ரூமு ஓடினான்."

நீரஜா படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்தார். "இவ்வளவு ஒழுங்கா எந்த வீட்டுலயும் எனக்குச் சேதி சொன்னதில்ல. அப்போ மெதுவா வந்தது இல்ல, ஒரே நொடியில வந்தது. ஓடி விளையாடும்போது, ஒரு கத்தல், அதோட வலி போயிடுச்சு, ஒரு பக்கம் மட்டும். எனக்கு இது தண்டுவடத்துல ரத்தம் அடைச்ச மாதிரி தெரியுது. மனுஷங்களுக்கு மூளையில ஸ்ட்ரோக் வருதில்ல, அதே மாதிரி முதுகுல."

"எக்ஸ்ரே எடுங்க, டிஸ்க்குதான்னு தெரிஞ்சிரும்" என்றார் பாலகணேஷ்.

"எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும், நரம்பு தெரியாது. வலியே இல்லாம வர்ற டிஸ்க்கும் அபூர்வமா உண்டு. அதனால நானும் சத்தியம் பண்ண மாட்டேன். நாளைக்கு எம்.ஆர்.ஐ. பார்த்துடலாம். அதுவரைக்கும் அசையாம வைங்க."

அந்த இரவு ஜமீன் பழைய நாயின் கூண்டில் படுத்தது. பாதி உடம்பு வெளியே நின்றது என்று லாவண்யா பிறகு சொன்னாள். மேரி அந்தோணியாருக்கு இரண்டு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

காலையில் கால் முன்னேறவுமில்லை, மோசமாகவுமில்லை. டாக்டருக்கு அதுவே பாதி பதில். மயக்க ஊசி போட்டு ஸ்கேன் எடுத்ததில் மீதியும் வந்தது. தண்டுவடத்தின் இடப்பக்கம் ஓரிடத்தில் வீங்கி வெளுத்திருந்தது. எந்தத் தட்டும் பிதுங்கி அதை நெருக்கவில்லை.

"டிஸ்க்கோட உள்ளே இருக்கிற பொருள்ல ஒரு துணுக்கு எப்படியோ ரத்தக்குழாய்க்குள்ள போய் அடைச்சிருக்கும்னு நினைக்கிறோம்" என்றார் நீரஜா.

பாலகணேஷ் நிமிர்ந்தார். "பார்த்தீங்களா, டிஸ்க்குதான்."

"துணுக்கு டிஸ்க்கோடது சார், வியாதி ரத்தக்குழாயோடது. நெருக்கிட்டு எதுவும் நிக்கல, அறுத்து எடுக்க ஒண்ணுமில்ல. குளிப்பாட்டித் தூக்கினதால இது வராது. யாரும் செஞ்சதும் இல்ல, யாரும் தடுத்திருக்கவும் முடியாது. இனிமே கூண்டு வேண்டாம். அவனுக்கு இப்ப வேண்டியது நடை."

மேரி வராந்தாவுக்கு வந்து, சுவரோரம் நின்று நன்றாக அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பினால் பாலகணேஷ் நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். கடையில் சரக்கு மாறிப் போனால்கூட வாடிக்கையாளருக்குக் காபி வாங்கிக் கொடுப்பாரே தவிர வாயைத் திறக்க மாட்டார்.

"காபி சாப்பிடுதியா மேரி?" என்றார்.

"சர்க்கரை தூக்கலா" என்றாள் அவள். விஷயம் அத்தோடு தீர்ந்தது.

மறுநாளிலிருந்து மேரி தினமும் காலை ஆறு மணிக்கு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தன் மேல் குற்றமில்லை என்று தெரிந்தாலும், அந்தக் கால் தொங்கிக்கொண்டிருக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வழுவழுப்பான தரையில் ரப்பர் பாய் விரித்தார்கள். டாக்டர் காட்டிக்கொடுத்தபடி, மிதிவண்டி மிதிப்பதுபோல் காலைச் சுற்றுவது, விரலிடுக்கில் கூச்சம் காட்டுவது, நிற்கவைத்து முப்பது எண்ணுவது. அதற்கப்புறம் நடை. முப்பத்தாறு கிலோ பின்பக்கத்தைத் தாங்க வேட்டி கிழிந்தது, துண்டு நழுவியது. மூன்றாம் நாள் பாலகணேஷ் கடையிலிருந்து ஒரு சுங்கடிச் சேலையைக் கொண்டுவந்தார்.

அதன்பின் மந்தைவெளிக்குத் தினமும் ஒரு காட்சி கிடைத்தது. அரக்கு நிறச் சுங்கடிச் சேலை வயிற்றைச் சுற்றியிருக்க ஜமீன் முன்னால் போகும். சேலையின் ஒரு முனையை மேரியும் மறுமுனையைத் தி.நகர் முதலாளியும் பிடித்துக்கொண்டு பின்னால் போவார்கள். பால் பூத்தில் நின்றவர்கள், "சார், எப்போ கல்யாணம்?" என்று கேட்டார்கள். பாலகணேஷ் நிமிர்ந்த தலையோடு நடந்தார். ஆனால் சேலைக்குள்ளே இடது கால் பாதம் மடங்கி, தரையில் கோடு கிழித்துக்கொண்டே வந்தது. நாள் பத்தாகியும் அந்தக் கோடு நிற்கவில்லை. வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் மனசு விழ ஆரம்பித்தது.

பதினோராம் நாள் நடை முடிந்து ஜமீன் பாயில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருந்தது. நகம் ரப்பர் பாயில் சிக்குகிறதே, மற்ற மூன்று காலின் நுனியையாவது வெட்டிவிடலாம் என்று மேரி செய்தித்தாளை விரித்தாள். பாலகணேஷ் முன்கால்களைப் பிடித்துக்கொண்டார். திட்டிக்கொண்டும் கெஞ்சிக்கொண்டும் முன்னங்கால் இரண்டையும், வலது பின்னங்காலையும் முடித்தாள். பிறகு நகவெட்டியில் ஒட்டிய துணுக்கைத் தட்டிவிட வெறும் காற்றில் ஒருமுறை அழுத்தினாள். டக்.

இடது பின்னங்கால் பாயின் மேல் நகர்ந்தது. இரண்டு அங்குலம் இருக்கும். நடுங்கிக்கொண்டே வயிற்றை நோக்கிப் போய்ச் சுருண்டது.

மேரி நகவெட்டியோடு குனிந்து பார்த்தாள்.

"கிள்ளினா இழுக்கறது கணக்கில இல்லன்னு டாக்டர் சொன்னாங்களே" என்றார் பாலகணேஷ்.

"நான் தொடவே இல்லியே சார்."

கால் இருந்த இடத்துக்கும் அவள் கைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தது. மேரி அந்தக் காலை மெதுவாக நீட்டிவிட்டாள். இரண்டு கையையும் எடுத்துத் தூர வைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். டக். கால் மறுபடி போனது. கடன்காரனைப் பார்க்கும் அந்தப் பழைய பார்வையும் கூடவே வந்தது.

"சரோஜா" என்று கூப்பிட்டார் பாலகணேஷ். மேரி ஜமீனின் தலையைக் கட்டிக்கொண்டு, "வெட்டல நைனா, வெட்டல, இன்னிக்கு உனுக்கு லீவு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அன்றும் வழக்கம்போல் படம் அனுப்பினாள். டாக்டருக்கும் ஒன்று போனது. செய்தித்தாளில் முன்னங்காலுக்கு ஐந்தைந்தும் பின்னங்காலுக்கு நாலுமாகப் பதினான்கு நகங்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. இடது பின்னங்காலுக்கான இடம் காலியாக இருந்தது. கீழே, "வெட்ட உடமாட்டேங்குறான்" என்று எழுதியிருந்தாள்.