மூன்றாவது பாயிண்ட்

புத்தகம் வந்து ஆறு மாதமாகியும் ஈ, காக்கைகூடச் சீந்தவில்லை. பாட்காஸ்ட் நடத்துகிறவர்களுக்கு எழுதிப் பார் என்றார் பதிப்பாளர். பதினோரு பேருக்கு எழுதினேன். அவரவர் எபிசோடில் ஒன்றையாவது கேட்டு அதைப் பற்றி ஒரு வரி, புத்தகச் சுருக்கம் நான்கு வரி, நான் யார் என்று இரண்டு வரி, பேசுவதற்கு ஐந்து பாயிண்ட். அவ்வளவுதான்.

என் அப்பா கீழ்வேளூர் பக்கம் வாய்க்கால் லஸ்கர். மதகைத் திறந்து மூடி, ஊருக்கு ஊர் முறைவைத்துத் தண்ணீர் விடுகிற வேலை. புத்தகம் அவரைப் பற்றியது. மூன்றாவது பாயிண்டை இப்படி எழுதியிருந்தேன்: 'மிராசுதாரின் மிரட்டலுக்குப் பயந்து, முறை தவறி மதகு திறந்த லஸ்கரின் வேதனை.'

பத்துப் பேர் வாயே திறக்கவில்லை. ஒருவர் மட்டும் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார், முழுப் புத்தகத்தையும் அனுப்பச் சொல்லி.

"இவ்வளவு சீக்கிரம் பதில் போடறவனுக்கு வேற என்ன வேலை? உன் பாயிண்ட்டை எடுத்து அவனே பேசிட்டுப் போயிடுவான்" என்றார் கணவர். எனக்கும் அதே சந்தேகம்தான். முதல் அத்தியாயத்தை மட்டும் அனுப்பினேன். ரெக்கார்டிங்குக்கு முன்னால் போனில் பேசலாமா என்று கேட்டார் பாட்காஸ்ட்காரர். எதைக் கறக்கப் பார்க்கிறாரோ என்று எரிச்சலோடுதான் எடுத்தேன்.

"மேடம், அந்த மூணாவது பாயிண்ட்..."

"அதுல என்னங்க?"

"புத்தகத்தைக் கடையிலயே வாங்கிப் படிச்சுட்டேங்க. அதுல வர்ற, தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடை எங்க ஊரு. மொறை தவறுன அந்த வருஷம் தண்ணியில்லாம கருகுனது எங்கப்பா பயிரு. அவரு உங்கப்பாவைத் தேடி வந்து, ஏன் இப்படிச் செஞ்சீங்கன்னு கேட்டிருக்காரு. மிரட்டுனாங்கன்னு உங்கப்பா சொல்லலையாம். தலையைக் குனிஞ்சுக்கிட்டாராம். உங்களுக்கு யாருங்க சொன்னது?"

 எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாக எழுதியது.

"ரெக்கார்டிங்ல இதைக் கேப்பேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, நிகழ்ச்சியை விட்டுடறேன். எனக்குக் கோவமில்லைங்க."

"பாத்தியா, நான் சொன்னேன்ல. வேணாம்னு சொல்லிடு" என்றார் பக்கத்திலிருந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கணவர். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் பெயர் கெடாமல் அப்படியே இருந்திருக்கும். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

இரண்டு நாள் யோசித்தேன். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், சந்தேகப்பட வேண்டிய அப்பாவை மட்டும் விட்டுவிட்டேன். எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அந்த வருஷம் தை மாதம் மிராசுதார் வண்டியிலிருந்து எங்கள் வீட்டில் நாலு மூட்டை நெல் இறங்கியது. வாசல் கதவைத் திறந்துவிட்டதே நான்தான்.

மூன்றாம் நாள் அவருக்கு மெயில் அனுப்பினேன்: 'வருகிறேன். மூன்றாவது பாயிண்டை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அப்பா எதற்காக மதகு திறந்தார், அது தெரிந்தும் நான் ஏன் எழுதவில்லை.'